வண்டி அடித்த பூனைகள்

கொக்கிக்காரர் என்று சொன்னால்தான் ஊரில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் அவருடைய வேலை அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதை எழுப்பவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் துப்புரவுப் பிரிவில் ஒரே வேலை. தெருவில் செத்துக் கிடக்கிற நாய், பூனை, பறவை எல்லாவற்றையும் நீளக் கொக்கியால் இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குழியில் கொண்டுபோய்ப் புதைக்கவேண்டும். யார் செய்வார்கள் இந்த வேலையை? அவர் செய்தார், முகம் சுளிக்காமல் செய்தார். முதல் நாள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாராம். அதற்கப்புறம் அழவில்லை, ஆனால் எந்தப் பிராணியையும் தரையில் தேய்த்து இழுத்ததும் இல்லை.

ஆள் நல்ல ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கெட்டவன் செய்த தப்பென்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கும். எந்தத் தெரு, என்ன பிராணி, செத்த காரணம். காரணத்துக்கு மூன்று கட்டம்: வண்டி, வயசு, தெரியாது. ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும். 'வண்டி' என்று போட்டால் வேலை அதோடு முடிந்தது, குழிக்குக் கொண்டுபோகலாம். 'தெரியாது' என்று போட்டால் மட்டும் ஒரு பாடு. தனியாக ஒரு தாள் முழுக்க எழுதவேண்டும், கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போடவேண்டும், அங்கிருந்து ஆள் வரும்வரை செத்ததை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கவேண்டும். ஐஸ் பெட்டி உடைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. கொக்கிக்காரர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அப்போதைய மேஸ்திரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'தெரியாது'ங்கிற கட்டத்தை மறந்துவிடு, தெருவில் செத்தது எல்லாமே ஏதோ ஒரு வகையில் வண்டியில் அடிபட்டதுதான் என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நாலு மேஸ்திரி மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. கூட வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். ஊரில் ஓடிய வண்டிகளைவிட வண்டியில் அடிபட்ட பிராணிகள்தான் அதிகம் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அவருக்கு வீட்டில் ஒரே மகள். மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பேர் தெரியாத ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றே நாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள், எதனால் வந்தது என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார்கள். கடைசி நாள் புருஷனைப் பார்த்து, நீங்க யாரு, எங்க வீட்டுக்குள்ள ஏன் நிக்கிறீங்க என்று கேட்டாள். அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மருமகன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவான். அதனால் ஆறு மாசக் கர்ப்பத்தோடு மகள் அப்பா வீட்டில் இருந்தாள். இருந்துகொண்டே பால்பண்ணை வேலைக்கும் போனாள். வேண்டாம் கண்ணு என்றால் கேட்கிற பிள்ளையா? மெஷின்தானே கறக்குது, நான் மாட்டிவிட்டுக் கழட்டறதுதானே என்பாள்.

குளிர் ஆரம்பித்த சமயம், பண்ணைக்குப் பின்னால் இருந்த குளத்தில் ஏழு வாத்துகள் செத்து மிதந்தன. எங்கிருந்தோ கூட்டமாக வந்து இறங்குகிற காட்டு வாத்துகள். கொக்கிக்காரர் கரையிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். அப்புறம் பதிவேட்டைப் பிரித்து ஏழுக்கும் 'வண்டி' என்று போட்டார். குளத்துக்குள் எந்த வண்டி ஓடியதோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

மூன்று வாரம் கழித்துப் பூனைகள் ஆரம்பித்தன.

பால்பண்ணைச் சந்து என்றால் பூனைகளின் ராஜ்ஜியம். சுவர் மேலே, கூரை மேலே, வைக்கோல் கட்டு மேலே என்று எங்கே பார்த்தாலும் ஒரு வால் தொங்கிக்கொண்டிருக்கும். விற்க லாயக்கில்லாத பாலைப் பண்ணையில் ஒரு பெரிய தட்டில் ஊற்றி வைப்பார்கள், அது பூனைகளுக்கு. ஊற்றுகிறவள் கொக்கிக்காரரின் மகள்தான். முதல் பூனை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, வாயில் நுரை இல்லை. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்று, அதுவும் தொழுவத்துக்கு உள்ளே. அவர் வரிசையாக வண்டி, வண்டி, வண்டி என்று போட்டுக்கொண்டே போனார்.

ஐந்தாவது நாள் நல்ல உச்சிவெயிலில் அதைப் பார்த்தார். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. நடுத்தெருவில் ஒரு மஞ்சள் பூனை நடந்துகொண்டிருந்தது. நடந்து நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடியும் அதே வட்டம், இடது பக்கமாகவே. கண் இரண்டும் திறந்துதான் இருந்தன. அவர் கையை நீட்டி ஆட்டினார், அது இமைக்கவில்லை. கொக்கியால் தரையைத் தட்டினார். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிவிட்டு நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. முட்டியபடியே நின்று, சுவருக்குள் வழி இருப்பது மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் செத்ததை எவ்வளவோ பார்த்திருக்கிறார். சாவதற்கு முன்னால் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்று, அது விழுந்த பிறகு எடுத்து வண்டியில் போட்டார். அதற்கும் 'வண்டி' என்றுதான் போட்டார். கை அப்படிப் பழகிவிட்டது.

பன்னிரண்டு நாளில் பத்துப் பூனைகள் போயின. சந்து அடங்கிப்போயிற்று. சுவர் மேலே ஒன்றும் இல்லை. பால் தட்டு மட்டும் நிறைந்தபடி இருந்தது, நக்க நாதியில்லாமல் மேலே ஆடை கட்டியிருந்தது. தொழுவத்துக்குள் மாடுகள் கத்தவில்லை, தீவனத்தில் வாய் வைக்காமல் வெறுமனே நின்றன. பட்டப்பகலில் ஒரு எலி அந்தத் தட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, அவர் பக்கத்தில் வந்தும் நகரவில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

வீட்டில் மகளிடம் பூனைகளைப் பற்றிச் சொன்னார். அவளுக்கும் சொல்ல இருந்தது. மாடுகள் பாதிப் பால்தான் கறக்கின்றனவாம். வருகிற பாலும் சீம்பால் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதாம். மாட்டு டாக்டர் வந்து மடிநோய் என்று மருந்து கொடுத்தும் தேறவில்லையாம். விற்க முடியாத பால் அதிகமாகிவிட்டதால் தட்டில் ஊற்றுவதும் அதிகமாம். பேசிக்கொண்டே கண்ணைக் கசக்கினாள். இரண்டு கண்ணும் செவேலென்று இருந்தன. முந்தின நாளே டாக்டரம்மாவிடம் காட்டியாயிற்று, தூசி பட்டிருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றாள். மெஷினைக் கழட்டும்போது பால் முகத்தில் தெறிப்பது உண்டு, அதைப் போய் யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

மறுநாள் காலை கொக்கிக்காரர் சந்தில் பதினோராவது பூனையை எடுத்தார். குட்டி ஈன்று அதிக நாள் ஆகாத தாய்ப்பூனை. அதைச் சாக்கால் மூடி வண்டியில் வைத்துக்கொண்டு, குழிக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் நுழைந்தார். வேலைக்குப் போயிருக்கவேண்டிய மகள் வீட்டில் இருந்தாள். கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை கட்டில் சட்டத்தில். சிவந்த கண்கள் திறந்திருந்தன. ஒரு சுற்று வந்தாள். மறு சுற்று வந்தாள். இடது பக்கமாகவே.

கொக்கிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். ஒரு தகப்பனுக்கு அப்படி ஒரு பயம் வரக்கூடாது.

"ஏம்பா அப்படிப் பாக்கிறீங்க? உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது, படுத்தா மூச்சு முட்டுது. அதான் நடக்கிறேன்" என்றாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அனலாகக் கொதித்தது. தொட்ட கை செத்த பூனையைத் தூக்கின கை என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். பிறகு மகளை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வண்டியை ஏன் தள்ளிக்கொண்டு போனார் என்றால் அவருக்கே தெரியாது. கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

டாக்டரம்மா நல்ல மாதிரி, ஆனால் வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். கர்ப்பக் காலத்துக் காய்ச்சல், ரத்தம் பார்க்கலாம் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். கொக்கிக்காரர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பூனைங்க சாகுதும்மா என்றார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எந்தப் பூனைங்க, உங்க பொண்ணு என்ன வேலை பாக்குது என்று அப்போதுதான் கேட்டார். மஞ்சள் பால், தட்டு, வட்டம் சுற்றிய பூனை என்று அவர் உளறிக்கொட்டியதைக் கேட்கக் கேட்க அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய் முகத்தில் மாஸ்க்கை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கும் ஒன்று கொடுத்துத் தனி அறையில் உட்காரவைத்தார். பிறகு மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். ஒரே தெருவில் இரண்டு ஆஸ்பத்திரிகள், நடுவில் ஒரு மதில். அந்த இரண்டு டாக்டர்களும் அதுவரை ஒருத்தரோடு ஒருத்தர் பேசியதே இல்லை.

மாட்டு டாக்டர் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாடுகளைப் பார்த்தேன், பூனைகளைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லையே என்றார். சொல்லிவிட்டுத் துப்புரவு ஆபீசுக்குப் போன் செய்து, பால்பண்ணைச் சந்தில் பூனைகள் செத்திருக்கின்றனவா என்று கேட்டார். மேஸ்திரி பதிவேட்டு நகலைப் பார்த்துப் பதில் சொன்னார். மாட்டு டாக்டர் போனை வைத்தார். முகத்தில் பாதிக் கவலை போயிருந்தது.

"பூனைங்க செத்தது உண்மைதான். ஆனா எல்லாமே வண்டியில அடிபட்டதாம். குளத்தில வாத்துகூட அப்படித்தானாம். உங்க கையெழுத்துதானே போட்டிருக்கு?" என்றார்.

இங்கேதான் சிக்கல். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகலாம், ஓய்வு பெற மூன்றே வருஷம் இருந்தது. மேஸ்திரியின் வேலையும் போகலாம். வாயை மூடினால் எல்லோரும் சந்தோஷமாக ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பார்கள். தனி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சார். ஒண்ணுகூட அடிபடலை. நான்தான் பொய் எழுதினேன். நம்பலைன்னா வெளியில வாங்க, இன்னைக்குச் செத்தது இன்னும் வண்டியிலதான் இருக்கு" என்றார்.

மாட்டு டாக்டர் கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, காயம் இல்லை. மூக்கிலும் கண்ணிலும் நீர் காய்ந்திருந்தது. வெறிநோயும் இல்லை என்று உறுதிப்படுத்தவேண்டும் என்று, மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மூளையிலிருந்து மாதிரி எடுத்தார். பண்ணைக்குப் போய் மஞ்சள் பால் ஒரு குப்பி எடுத்துவந்தார். டாக்டரம்மா மகளின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார். மூன்றும் ஒரே பெட்டியில் ஐஸுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போயின. முடிவு வரட்டும் என்று டாக்டரம்மா காத்திருக்கவில்லை. சந்தேகம் இருக்கும்போதே ஆரம்பித்தால்தான் இந்த மருந்துக்குப் பலன் அதிகம் என்று, அந்த மத்தியானமே வைரஸ் காய்ச்சலுக்கான மாத்திரையை மகளுக்குக் கொடுத்துவிட்டார். கர்ப்பத்துக்கு ஆகுமா என்று கேட்டார் கொக்கிக்காரர். இந்தக் காய்ச்சல்தான் கர்ப்பத்துக்கு ஆகாது என்றார் டாக்டரம்மா.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பூனையின் மூளையில், பாலில், மகளின் கண்ணில் மூன்றிலும் ஒன்றே. பறவைக் காய்ச்சல். குளத்து வாத்துகளிடமிருந்து தொழுவத்துக்குள் எப்படி வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. குளத்துத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பியதாலோ, தீவனத்தில் எச்சம் விழுந்ததாலோ. வந்த பிறகு நடந்தது மட்டும் தெளிவாக இருந்தது. கறக்கிற மெஷின் ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்குக் கொண்டுபோயிருக்கிறது. காய்ச்சாத பால் பூனைகளுக்குப் போயிருக்கிறது. தெறித்தது மகளின் கண்ணுக்கு. காய்ச்சினால் செத்துப்போகிற கிருமிதான். அவர் வீட்டில் எப்போதும் பொங்கக் காய்ச்சித்தான் குடிப்பார்கள், அந்த ஒரு புண்ணியம்.

பண்ணையிலிருந்து பாலும் மாடும் வெளியே போகக்கூடாது என்று ஆயிற்று. கறக்கிறவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது, இன்னும் இரண்டு பேருடைய கண்ணில் இருந்தது, அதோடு நின்றது. கொக்கிக்காரரையும் பத்து நாள் தனியாக வைத்தார்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாளும் தினம் காலையில் போனில் மகளிடம், நான் யாரு சொல்லு என்று கேட்பார். ஏன்பா இப்படி அறுக்கிறீங்க என்பாள் அவள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் காப்பி குடிப்பார். நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று சொன்னாள். போனைக் காதில் வைத்தபடியே மனுஷர் விக்கி விக்கி அழுதார். நாய்க்குட்டிக்கு அப்புறம் இதுதான்.

வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மேஸ்திரியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புது ஐஸ் பெட்டி வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் துப்புரவு ஆபீசில் டாக்டரம்மாவும், மாட்டு டாக்டரும், குளம் குட்டைகளைப் பார்க்கிற அதிகாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த வாரம் எங்கே எது செத்தது, யாருக்கு என்ன காய்ச்சல், தண்ணீரில் என்ன மாற்றம் என்று சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். கொக்கிக்காரருக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள். பழைய பதிவேடுகளையும் எடுத்துப் பார்ப்போம் என்றார் மாட்டு டாக்டர். அவருடைய கோழிக் கிறுக்கலை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாததால், அவரே உட்கார்ந்து புரட்டினார்.

பக்கம் பக்கமாக வண்டி, வண்டி என்றே இருந்தது. அதில் எது நிஜமாகவே அடிபட்டது, எது தானாக விழுந்தது என்று நினைவைத் தோண்டிப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. ஆறு வருஷம், ஏழு வருஷம் என்று பின்னால் போனார். ஒன்பது வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்துப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

காக்காய், பதினாலு. ஒரே வாரத்தில். தெரு, அவர் குடியிருக்கிற தெரு. காரணம், வண்டி.

காக்காயை எந்த வண்டி அடிக்கும்? அதுவும் பதினாலு காக்காயை? அந்த வாரம் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. காலையில் வாசலில் ஒன்று செத்துக் கிடந்தது, இன்னும் இரண்டு பக்கத்தில் துவண்டு நின்றன, அவர் மனைவிதான் முதலில் பார்த்துவிட்டு, என்னங்க இதுங்க தலையைத் தூக்க முடியாமத் தள்ளாடுதுங்க என்று சொன்னாள். அதற்குப் பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

பக்கத்தைத் திருப்பியிருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் பதிவேட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மாட்டு டாக்டர் முன்னால் வைத்தார். மனைவி செத்த தேதியைச் சொன்னார். மாட்டு டாக்டர் அந்த வரிசையை விரல் வைத்து எண்ணினார். கொசு வழியாகக் காக்காயிடமிருந்து மனுஷருக்கு வந்து மூளையைப் பிடிக்கிற காய்ச்சல் உண்டு என்றார். அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

"இப்ப சொல்ல முடியாதுங்களா?"

"முடியாதுங்க. அன்னைக்கு ஒரு காக்காயாவது எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா சொல்லியிருக்கலாம்."

கொக்கிக்காரர் தலையை ஆட்டினார். அவளைக் கொன்னது எதுன்னு கேக்கறதுக்கே வழியில்லாமப் பண்ணிட்டேனே சார் என்றார்.

பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'வண்டி' என்ற கட்டத்தில் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, முப்பத்திரண்டு வருஷமாகக் கை படாத அந்த மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். ஒவ்வொரு காக்காய்க்கும் தனித்தனியாக, பதினாலு தடவை, தெரியாது என்று போட்டார்.